யார் போட்ட கையெழுத்து?

2014 நவம்பர் முதல் வாரத்தில் வாட்ஸ்அப் திரைகளில் இருந்த சாம்பல் நிற இரட்டை டிக்குகள் நீலமாக மாறத் தொடங்கின. நான் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. "இனிமே பார்க்கலைன்னு பொய் சொல்ல முடியாதுடா" என்று ஒருத்தன் புலம்பினான். பக்கத்தில் இருந்த பெண் கேட்டதுதான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. "அப்போ இத்தனை நாளா ரெண்டு டிக் வந்தா படிச்சாச்சுன்னு அர்த்தம் இல்லையா?"

இல்லை. அவள் மட்டும் அப்படி நினைத்திருக்கவில்லை. நீலம் வருவதற்கு முன்பு இரண்டு சாம்பல் டிக் விழுந்தாலே எதிராளி படித்துவிட்டார் என்று நம்பியவர்கள் ஏராளம். ரெண்டு டிக் விழுந்தும் பதில் வரவில்லை என்பதற்காக எத்தனை பேர் எத்தனை பேரோடு பேசாமல் இருந்தார்களோ. நீலம் வந்ததும் அந்தக் குழப்பம் தீர்ந்தது, அதாவது ஒரு படி மேலே நகர்ந்தது. முன்பு இரண்டு சாம்பல் டிக்குக்குக் கொடுத்த அர்த்தத்தை இப்போது நீலத்துக்குக் கொடுக்கிறோம்: அந்த மனிதர் படித்துவிட்டார், அவருக்குத் தெரியும்.

ஒரு டிக்கைப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இது யார் போட்ட கையெழுத்து? மென்பொருள் வேலையில் இந்தக் கேள்வி பழக்கமாகிவிட்டது. ஒரு கணினி இன்னொன்றிடம் "சரி, வந்தது" என்று சொன்னால், எது சொன்னது, எதைப் பார்த்துவிட்டுச் சொன்னது என்று பார்க்காமல் நகர முடியாது. இந்தக் கேள்விக்கு வாட்ஸ்அப்பைவிட வயது அதிகம்.

*

தபாலில் இருந்து ஆரம்பிக்கலாம். 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்படும் வரை, பதிவுத் தபாலோடு ஒரு ஒப்புகை அட்டையை இணைத்து அனுப்பி வந்தோம். வக்கீல் வீட்டு வாசல்களில் அதன் பெயர் ஏ.டி. கார்டு. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அந்த அட்டையில் கையெழுத்து வாங்குவார், அட்டை அனுப்பியவருக்கே திரும்பி வரும். ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்து வாங்கிய கையெழுத்து அது. ஆனாலும் அது எதைச் சொல்கிறது? உறை கை மாறியது என்பதை மட்டும். உள்ளே என்ன இருந்தது, பிரித்தாரா, படித்தாரா என்பதெல்லாம் அந்த அட்டைக்குத் தெரியாது. "கவர் வந்தது உண்மைதான் ஐயா, உள்ளே வெள்ளைத் தாள்தான் இருந்துச்சு" என்ற வாதம் நம் நீதிமன்றங்களில் மிகப் பழையது.

சட்டம் இதை ஒரு ஊகத்தால் சமாளித்தது. 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்வது இது: சரியான முகவரி எழுதி, தபால் கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டால், வழக்கமாகச் சேர வேண்டிய நேரத்தில் சேர்ந்ததாகக் கொள்ளப்படும், மாறாக நிரூபிக்கப்படாத வரை. வாங்க மறுத்தாலும், வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாலும் அந்த ஊகம் எளிதில் கலையாது. எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசித் துண்டு, 'மாறாக நிரூபிக்கப்படாத வரை'. கடிதம் சேர்ந்தது என்று அந்தப் பிரிவு அடித்துச் சொல்லவில்லை. சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் நீ வந்து சொல் என்கிறது. வந்து சொல்ல ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

கணினிகளுக்கு இடையிலான ஏ.டி. கார்டு 1969இல் பிறந்தது. இணையத்துக்கு மூதாதையான ஆர்பாநெட்டில் ஒவ்வொரு பெரிய கணினியின் வாசலிலும் ஐ.எம்.பி. என்றொரு சின்னக் கணினி காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கும். செய்திகளை வாங்குவதும் அனுப்புவதும் அதன் வேலை. ஒரு செய்தி போய்ச் சேர்ந்ததும், சேர்ந்த பக்கத்து ஐ.எம்.பி. ஒரு துண்டுச் சீட்டைத் திருப்பி அனுப்பும். அதன் பெயர் ஆர்.எஃப்.என்.எம்., 'அடுத்த செய்தியைத் தரலாம்' என்று பொருள். பெயரிலேயே அதன் உத்தேசம் இருக்கிறது. வலையமைப்பில் நெரிசல் ஆகாமல், ஒன்று போய்ச் சேர்ந்த பிறகு அடுத்ததை விடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது.

1981இல் சால்ட்சர், ரீட், கிளார்க் என்ற மூன்று பேர் ஒரு கட்டுரை வாசித்தார்கள். மூவரும் எம்.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள். 1984இல் ஆய்விதழில் வெளியான அந்தக் கட்டுரை கணினி அறிவியலில் அதிகம் படிக்கப்பட்டவற்றில் ஒன்று. அதில் இந்தத் துண்டுச் சீட்டைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. செய்தி அந்தப் பக்கத்துக் கணினிக்குப் போய்விட்டது என்று வலையமைப்பு உறுதியாகச் சொன்னாலும், பயன்பாட்டு நிரல்களுக்கு அதனால் பெரிய உபயோகம் இருக்கவில்லை என்கிறார்கள். நிரலுக்குத் தெரிய வேண்டியது அந்தக் கணினி செய்தியைப் பார்த்துவிட்டு வேலையைச் செய்ததா என்பது. செய்தி சேர்ந்ததற்கும் வேலை முடிந்ததற்கும் நடுவில் எந்த விபத்து வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். அதனால் உருப்படியான ஒப்புகை வேண்டுமென்றால் அதைக் கடைசி முனையில் இருக்கும் நிரலே தன் கையால் எழுதித் தர வேண்டும், வழியில் இருப்பவர்கள் தருவது போதாது.

கல்லூரியில் இந்தக் கட்டுரையை ஒரு பாடமாக, இரண்டு மார்க் கேள்வியாகத்தான் படித்தேன். அந்தக் கடைசி முனையில் கணினிக்குப் பதிலாக ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று அந்த வயதில் யோசிக்கத் தோன்றவில்லை.

*

இப்போது கைபேசிக்கு வருவோம். ஒரு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியவுடன் ஓரத்தில் முதலில் தெரிவது டிக் இல்லை, ஒரு குட்டிக் கடிகாரம். செய்தி இன்னும் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது என்று அர்த்தம். அது வாட்ஸ்அப்பின் சர்வருக்குப் போய், சர்வர் "வாங்கிக்கொண்டேன்" என்று பதில் அனுப்பியதும் கடிகாரம் ஒற்றை டிக்காகிறது. ஆக, ஒற்றை டிக் சர்வரின் கையெழுத்து. பதிவுத் தபால் அலுவலக ஜன்னலில் தந்த ரசீதுக்குச் சமம். எதிராளியைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சர்வர் அந்தச் செய்தியை எதிராளியின் கைபேசிக்குத் தள்ளுகிறது. அங்கே உள்ள வாட்ஸ்அப் அதை வாங்கித் தன் சேமிப்பில் வைத்ததும் ஒரு ஒப்புகை எழுதுகிறது. அந்த ஒப்புகை சர்வர் வழியாக உங்களிடம் திரும்பி வந்ததும் இரண்டாவது டிக். அதாவது இரண்டாவது டிக் எதிராளியின் கைபேசியில் இருக்கும் நிரலின் கையெழுத்து. எதிராளி அப்போது தூங்கிக்கொண்டிருக்கலாம்.

வாட்ஸ்அப் தன் ஆரம்பக் காலத்தில் எக்ஸ்.எம்.பி.பி. என்ற திறந்த நெறிமுறையை எடுத்துத் தனக்கேற்றபடி சுருக்கித்தான் பயன்படுத்தியது. அந்த மூல நெறிமுறையில் ஒரு சேர்ப்பு ஒப்புகை எப்படி இருக்கும் என்று பார்த்தால் மர்மம் பாதி விலகிவிடும்:

```xml
<message from='b@example.com' to='a@example.com' id='r7'>
  <received xmlns='urn:xmpp:receipts' id='m42'/>
</message>
```

முழு ஒப்புகையே இவ்வளவுதான். "m42 என்ற எண்ணுள்ள செய்தி என்னிடம் வந்தது." கவனித்தால், இதுவும் ஒரு `message`. டிக் என்பது நாம் அனுப்பிய செய்தியில் தானாக மலரும் ஒரு அடையாளம் கிடையாது. எதிர்த்திசையில் இருந்து தனியாகக் கிளம்பி, அதே குண்டும் குழியுமான பாதையில் வர வேண்டிய இன்னொரு செய்தி. முதல் செய்தி தொலையலாம் என்றால் இதுவும் தொலையலாம், தாமதமாகலாம்.

இதன் விளைவு கொஞ்சம் விசித்திரமானது. ரயிலில் போகும் உங்கள் தங்கையின் கைபேசிக்கு ஒரு மலைத் திருப்பத்தில் சில விநாடி சிக்னல் கிடைக்கிறது. உங்கள் செய்தி உள்ளே போய்விடுகிறது. ஒப்புகை வெளியே கிளம்புவதற்குள் சுரங்கம். அவள் உங்கள் செய்தியை நிதானமாக, இரண்டு முறை படிக்கிறாள். உங்கள் திரையில் ஒற்றை டிக்தான். அடுத்த முறை சிக்னல் வரும்போதுதான் அவள் கைபேசி தேங்கிய ஒப்புகைகளை அனுப்பும். எனவே டிக் விழுந்தால் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்று சொல்லலாம், டிக் விழவில்லை என்பதை வைத்து எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒப்புகைக்கு ஒரு ஒப்புகை, அதற்கு இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனாலும் கடைசியாகப் போன தூதன் சேர்ந்தானா என்பது அவனை அனுப்பியவருக்குத் தெரியாது. கணினி அறிவியலில் இதை இரண்டு தளபதிகளின் சிக்கல் என்பார்கள். 1975லேயே எழுதிவைத்துவிட்டார்கள், இதற்குத் தீர்வு கிடையாது என்ற நிரூபணத்தோடு.

ஒற்றை டிக்கிலேயே நின்றுவிட்ட செய்தி இன்னும் மோசமான புதிர். எதிராளியின் கைபேசி அணைந்திருக்கலாம். டேட்டா தீர்ந்திருக்கலாம். வாட்ஸ்அப்பை நீக்கியிருக்கலாம். அல்லது உங்களை பிளாக் செய்திருக்கலாம். நான்குக்கும் திரையில் ஒரே காட்சி. இது கவனக்குறைவு இல்லை. பிளாக் செய்தவரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக வேண்டுமென்றேதான் தெளிவில்லாமல் வைத்திருக்கிறோம் என்று வாட்ஸ்அப்பே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. யோசித்தால் நியாயம்தான். தொல்லை கொடுக்கும் ஒருவனை ஒரு பெண் பிளாக் செய்யும்போது அவனுக்கு அது பளிச்சென்று தெரிய வேண்டிய அவசியம் என்ன? ஆனால் அதே மௌனத்தை, டவர் இல்லாத ஊரில் இருக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு தாயும் பார்த்துக்கொண்டிருப்பாள். சேராத செய்தியை சர்வர் 30 நாள் வைத்திருந்துவிட்டு அழித்துவிடும். தபால் துறை மாதிரி 'பெறுநர் இல்லை' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பும் வழக்கம் அதற்கு இல்லை.

*

நீலம் வாட்ஸ்அப்பின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பிளாக்பெர்ரி கைபேசிகளின் மெசஞ்சரில் செய்தி சேர்ந்தால் 'டி' என்றும், படித்தால் 'ஆர்' என்றும் எழுத்து விழும். ஆப்பிள் 2011இல் தன் ஐமெசேஜில் 'ரெட்' என்று எழுதிக் காட்டியது. ஆனால் விரும்பியவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடு. வாட்ஸ்அப்போ 2014இல் எல்லோருக்கும் ஒரே நாளில் நீலம் பூசிவிட்டது. எதிர்ப்பு வந்தது. சில வாரங்களிலேயே அணைத்துக்கொள்ளும் வசதி வந்தது. ஒரு பண்டமாற்று நிபந்தனையும் கூடவே: உங்கள் நீலத்தை மறைத்தால் மற்றவர்களின் நீலமும் உங்களுக்குத் தெரியாது. குழுக்களுக்கு இந்த மறைப்பு செல்லாது.

நீலத்தின் கையெழுத்து யாருடையது? இதுவும் அதே நிரலுடையதுதான். அந்த உரையாடல் திரையில் திறந்தது, உங்கள் செய்தி அந்தத் திரையில் வந்தது, அதைத்தான் அது கண்டது. திரைக்கு முன்னால் இருந்த கண் யாருடையது, கண் இருந்ததா என்பது அதற்குத் தெரியாது. மறுபக்கம், அறிவிப்புப் பட்டையை இழுத்து முழுச் செய்தியையும் படித்துவிட்டு உரையாடலைத் திறக்காமல் விட்டால் நீலமே விழாது. இது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த தந்திரம். படித்தும் நீலம் விழாதது தெரிந்த நமக்கு, படிக்காமலும் நீலம் விழும் என்பது ஏனோ உறைப்பதில்லை.

என் நண்பன் ஒருவன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். அவன் அம்மா ஒரு விடியற்காலையில் இறந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி, திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் பட்டறை வைத்திருக்கிறார். மனைவி இல்லை, பட்டறைக்கு மேலேயே தனியாக ஜாகை. தென்மாவட்டத்துக் கிராமம் அது. அங்கே ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். தம்பி வந்து சேலை போர்த்தாமல் அக்காவைத் தூக்குவதில்லை.

நண்பன் மாமாவுக்கு இரண்டு முறை கூப்பிட்டான். அணைந்திருந்தது. தட்டச்சு செய்யும் நிலையில் அவன் இல்லை. 5:40க்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான், ஏழு விநாடி. "மாமா, அம்மா போயிட்டாங்க. உடனே கிளம்பி வாங்க." ஒற்றை டிக். காலை 9:04க்கு இரட்டை டிக் ஆனது. 9:25க்கு நீலம். வீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் அவன், "மாமா பார்த்துட்டார், வந்துட்டிருப்பார்" என்று சொன்னான். அதன்பிறகு யாரும் திருப்பூருக்குக் கூப்பிடவில்லை. திருப்பூரில் வேறொரு உறவுக்காரர் இருந்தார், அவரைப் பட்டறைக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம் என்று ஒரு பெரியம்மா சொன்னதையும், "அதான் பார்த்துட்டாரே" என்று தடுத்துவிட்டார்கள். மாலை நாலு மணி வரை காத்திருந்தார்கள். அப்புறம் தூக்கிவிட்டார்கள். கோடி இல்லாமல்.

மாமா மறுநாள் இரவு வந்து இறங்கினார். எனக்குத் தெரியவே தெரியாது என்றார். நீலம் காட்டிய திரை நண்பன் கையில் இருந்தது. இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு நாள் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, "ப்ளூ டிக் தானா வருமாடா?" என்று கேட்டான். அந்த உரையாடலை அவன் அழிக்கவில்லை. வாங்கிப் பார்த்தேன். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து தகவல் என்பதைத் திறந்தால் அதன் முழுக் கணக்கும் வரும். வாய்ஸ் மெசேஜுக்கு மட்டும் அதில் ஒரு படி அதிகம்: சேர்ந்தது, பார்த்தது, அதற்கு மேல் கேட்டது. உரையாடலைத் திறந்ததும் டிக்குகள் நீலமாகிவிடும். ஆனால் பக்கத்தில் இருக்கும் மைக் படம், ஒலியை ஓடவிட்டால்தான் நீலமாகும். நண்பன் திரையில் சேர்ந்தது 9:04, பார்த்தது 9:25. கேட்டது மறுநாள் மாலை 6:10.

மாமா சொன்னதை இந்த மூன்று நேரங்களோடு பொருத்திப் பார்த்தோம். முந்தின நாள் சாயங்காலம் அவர் கைபேசியின் டிஸ்ப்ளே உடைந்து ரிப்பேர் கடையில் கொடுத்திருந்தார். அதனால்தான் அணைந்திருந்தது. பட்டறை மேசையில் ஒரு கணினி உண்டு, ஆர்டர்கள் பார்ப்பதற்காக அதில் அவர் வாட்ஸ்அப்பை இணைத்து வைத்திருந்தார். முன்பெல்லாம் கைபேசி இணையத்தில் இல்லாவிட்டால் கணினியிலும் வாட்ஸ்அப் வேலை செய்யாது. 2021இல் அந்த அமைப்பை மாற்றினார்கள். இணைத்த ஒவ்வொரு கருவியும் இப்போது தானாகவே செய்தி வாங்கும், கைபேசி அணைந்திருந்தாலும் சரி. கைபேசியிலோ இணைத்த கருவிகளில் ஏதோ ஒன்றிலோ சேர்ந்தாலே இரண்டாவது டிக் விழும். ஆக 9:04க்கு நடந்தது, பட்டறையைத் திறந்து கணினியைப் போட்டது. 9:25க்கு நடந்தது, கணக்குப் பார்க்கும் பையன் ஆர்டர் தேடி ஒவ்வொரு உரையாடலாகத் திறந்தது. முதலாளியின் சொந்தக்காரர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் என்று பார்த்ததும், அடுத்தவர் விஷயம் நமக்கெதற்கு என்று கேட்காமல் கடந்து போயிருக்கிறான். நல்ல பையன் செய்கிற காரியம்தான் அது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஒரு கருவியில் பார்த்தாயிற்று என்றால் மற்ற கருவிகளிலும் அந்தச் செய்தி 'பார்த்தது' ஆகிவிடும். மறுநாள் ரிப்பேர் முடிந்து கைபேசி கைக்கு வந்தபோது, பச்சை வட்டத்தில் எண் காட்டி அவரைக் கூப்பிட அங்கே எதுவும் இல்லை. மருமகன் பெயர் மற்ற உரையாடல்களுக்குக் கீழே போயிருந்தது. சாயங்காலம் வேறு எதையோ தேடி விரலால் தள்ளிக்கொண்டு வரும்போது கண்ணில் பட்டிருக்கிறது. நீலம் அனுப்பியவனிடம் அவர் அறிந்துவிட்டார் என்று சொன்னது, அவரிடமோ அறிய எதுவும் மிச்சமில்லை என்று சொன்னது.

நண்பன் அந்த 6:10ஐ ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இது முதல்ல இருந்தே இங்கேயேதான் இருந்துச்சா?" என்றான். இருந்தது. மாமா வந்து இறங்கிய இரவே அந்தத் திரையைத் திறந்திருந்தால் அவர் சொன்னது சரியென்று தெரிந்திருக்கும். ஆனால் நீலம் விழுந்த பிறகு யார் அதைத் திறந்து பார்க்கிறார்கள்?

*

இந்தக் கணக்கு குடும்பத்தோடு நின்றால் பரவாயில்லை. நீதிமன்றத்துக்கும் போயிற்று. 2018 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் கடன் அட்டை நிலுவை தொடர்பான ஒரு வழக்கு. எதிர்மனுதாரர் நோட்டீஸ் வாங்காமல் நழுவிக்கொண்டே இருந்தார். அதை ஒரு பி.டி.எஃப். கோப்பாக அவர் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். செய்தியும் இணைப்பும் சேர்ந்ததோடு திறக்கவும்பட்டன என்பதைத் திரைக் குறியீடுகள் தெளிவாகக் காட்டுகின்றன என்று நீதிபதி கௌதம் படேல் நோட்டீஸ் சார்பு செய்யப்பட்டதாக ஏற்றுக்கொண்டார். ஒளிந்து விளையாடும் ஒருவரிடம் அந்த முடிவு நியாயமானதுதான் என்று எனக்கும் படுகிறது. ஆனால் அந்தக் குறியீடுகளை 27ஆம் பிரிவு மாதிரி, எதிர்த்து நிரூபிக்க இடமுள்ள ஊகமாக எடுத்துக்கொண்டால்தான் நியாயம். பட்டறைக் கணினியில் விழுந்த நீலமும் பார்வைக்கு இதே நீலம்தானே.

2020 ஜூலை 10 அன்று, கொரோனா ஊரடங்கில் தபால் அலுவலகத்துக்கே போக முடியாத நிலையில், உச்ச நீதிமன்றம் வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் போன்றவற்றில் நோட்டீஸ் அனுப்பலாம் என்று அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது. அப்படி அனுப்புகிறவர் அதே ஆவணத்தை அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். இதை வாசித்தபோது ஒரு பொறியாளனாக எனக்குச் சந்தோஷம். ஒரு பாதையின் ஒப்புகையை மட்டும் நம்பாமல் இரண்டாவது பாதையிலும் அனுப்பச் சொல்வது நாங்கள் எங்கள் தொழிலில் செய்வதுதான்.

ஆனால் விஷயம் பணத்தில் இருந்து உடம்புக்கு மாறும்போது நீதிமன்றம் நின்றது. கைது செய்யாமல் விசாரணைக்கு வரச் சொல்லி போலீஸ் ஒருவருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஏ பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு. அந்த நோட்டீஸை மதித்து வராதவரைக் கைது செய்ய இடமுண்டு. இந்த நோட்டீஸ்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வரவில்லை என்று சொல்ல முடியுமா? சட்டம் சொல்லும் முறைக்கு வாட்ஸ்அப் மாற்றாகாது என்று 2025 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநில போலீஸ் துறைகள் அதற்கேற்ப நிலையாணைகள் பிறப்பிக்க வேண்டும் என்றது. ஹரியானா அரசு இதை மாற்றக் கோரி மீண்டும் வந்தது. மின்னணு வழியில் அனுப்பினால் நேரமும் செலவும் மிச்சம் என்பது அவர்கள் பக்க வாதம். அந்த ஜூலையில் அதுவும் தள்ளுபடியானது. வராமல் போனால் ஒருவரின் சுதந்திரமே பறிபோகும் என்பதுதான் நீதிமன்றம் காட்டிய காரணம்.

ஆகவே இன்றைக்கு ஒரு காவலர், கையில் தாளோடு வாசலில் வந்து நின்று பெயர் கேட்க வேண்டியிருக்கிறது.